சோணை வலிக்கவில்லை

இருபத்திரண்டு வருஷமாகக் காது குத்துகிறேன். ஃபேன்சி ஸ்டோரின் பின்பக்கம், வளையல் அடுக்குக்கும் மாடிப்படிக்கும் நடுவே என் மேஜை. ஒரு உயரமான ஸ்டூல், கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய விளக்கு, ஒரு வட்டக் கண்ணாடி. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். இந்த ராஜ்ஜியத்தில் ஒரு காது கெட்டதாகப் பேச்சு வந்ததில்லை என்று நான் சொல்லாத நாள் கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

காதின் அடியில் தொங்கும் சதைக்கு, அதாவது சோணைக்கு மட்டும்தான் காது குத்தும் துப்பாக்கி வைப்பேன். மேல் காதுக்கு அதைத் தொடவே மாட்டேன். அங்கே இருப்பது குருத்தெலும்பு. துப்பாக்கி அதை நசுக்கிவிடும். உறை பிரிக்காத ஊசி, புதுக் கையுறை, குத்துவதற்கு முன்னும் பின்னும் ஸ்ப்ரே. அடுத்த தெருவில் மேல் காதிலும் துப்பாக்கி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட ஆள் நான்.

என் நாத்தனாருக்கு நாற்பத்துமூன்று வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். கை இறுக்கமாக இருக்கிறது என்றேன். சட்டை இறுகவில்லை, அண்ணிதான் பெருத்துவிட்டீர்கள் என்றாள். அதோடு பேச்சு நின்றது. அண்ணனும் தங்கையும் மட்டும் திருட்டுத்தனமாகப் போனில் பேசிக்கொள்வார்கள். நான் அறைக்குள் வந்தால் என் வீட்டுக்காரர் வானிலை பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அவள்தான் முதலில் இறங்கி வந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை கடைக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். பத்தொன்பது வயதிலிருந்து மேல் காதில் ஒரு சின்ன வெள்ளைக் கல் போட ஆசையாம். அப்போது வீட்டில் விடவில்லை. இப்போது யாரைக் கேட்க வேண்டும்? அப்படியே சோணையில் இரண்டாவதாக ஒரு துளையும் போடச் சொன்னாள். சட்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வலது காதில் இரண்டு துளை போட்டேன். வீட்டில் அடித்துக்கொள்ள மேஜை ஸ்ப்ரேயிலிருந்தே ஒரு குட்டி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் ஒரு படம் அனுப்பினாள். கல்லைச் சுற்றிச் சின்னதாகச் சிவப்பு, ஓரத்தில் காய்ந்துபோன வெளிறிய பொருக்கு. இதெல்லாம் நான் ஆயிரம் தடவை பார்த்தது. புதுத் துளை என்றால் கொஞ்சம் கசியும், காயும், ராத்திரி அந்தப் பக்கம் படுத்தால் நோகும். அவளுக்குக் கண்ணாடி வேறு. காதுக்குப் பின்னால் போகும் கம்பி நாள் பூராவும் உரசும். வெறும் உரசல்தான், கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிப் போடு, ஸ்ப்ரேயை விடாமல் அடி என்று பதில் போட்டேன். அன்றைக்கு நான் சொன்னதில் பெரிய தப்பில்லை, அந்தக் கடைசி வார்த்தையைத் தவிர.

ஆறாம் நாள் இன்னொரு செய்தி. வலி கூடியிருக்கிறது, தூக்கமில்லை. படம் எதுவும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணாடிக் கம்பிதான் என்று மறுபடி எழுதினேன். சோணை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். சோணை நன்றாக இருக்கிறது, வலியே இல்லை என்றாள். பார்த்தாயா, ஒரே கை, ஒரே நாள், ஒரே மருந்து. கீழே நன்றாக இருக்கிறதென்றால் மேலே இருப்பது உன் கண்ணாடியின் வேலை என்று முடித்துவிட்டேன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் நான்.

ஒன்பதாம் நாள் காலை, என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், பாப்பா இரண்டு நாளாகக் கத்தரிக்கோலைத் தொடவில்லையாம் என்றார். மருந்துக் கடையில் ஏதோ மாத்திரை வாங்கி மூன்று நாளாகப் போடுகிறாளாம், கேட்கவில்லையாம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாளாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கிளப்பியது. முதலாளியிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு நேராகத் தையல் கடைக்குப் போனேன்.

மெஷின் மேல் உறை போட்டிருந்தது. பாப்பா வெட்டு மேஜையின் ஓரத்தில், பாதி வெட்டிய துணிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மேஜை மேல் கிடந்தது. வலது காதின் பக்கம் கம்பியை வைக்க முடியவில்லையாம். கண்ணாடி இல்லாமல் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியாது, அளவு நாடாவைப் படிக்க முடியாது.

முடியை ஒதுக்கிப் பார்த்தேன். துளையைச் சுற்றி மட்டும் இல்லை. மேல் காது முழுக்கச் சிவந்து, வழுவழுவென்று மின்னியது. காதின் உள்மடிப்புகளைக் காணோம், வீங்கி மூடியிருந்தன. காது தலையை விட்டு எட்டி நின்றது. துளையிலிருந்து இரண்டு விரல் தள்ளி லேசாகத் தொட்டேன். துள்ளி எழுந்துவிட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. நெற்றியைத் தொட்டால் அங்கேயும் சூடு.

சோணையைத் தொட்டேன். "வலிக்குதா?"

"அங்க ஒண்ணுமே இல்ல அண்ணி."

சிவப்பு, காதில் ஒரு கோடு போட்ட மாதிரி சோணைக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் இப்படி ஒரு காதைப் பார்த்ததில்லை. உரசல் என்றால் நாளாக நாளாகக் குறையும், துளையை விட்டு நகராது. அது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் ஆறாம் நாள் படம் கேட்காமல் இருந்தவள் நான். எழுந்திரு, டாக்டரிடம் போகிறோம் என்றேன். அப்போதும் மனசுக்குள் அந்த வக்கீல் ஓயவில்லை. சோணை நன்றாகத்தானே இருக்கிறது, சோணை நன்றாகத்தானே இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண். சுருக்கமாகப் பேசுகிறவர். காதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னை மாதிரியே மேலே தொட்டார், கீழே தொட்டார். காதின் வளைவில் ஓரிடத்தை விரல் நுனியால் மெல்ல அமுக்கி, உள்ளே சீழ் கோத்திருக்கிறது என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆனா சோணை நல்லா இருக்கே டாக்டர்" என்றேன்.

"அதனாலதான் பயப்படுறேன்" என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். சோணை வெறும் சதை. ரத்தம் நன்றாக ஓடும், எந்தக் கிருமி வந்தாலும் உடம்பு அங்கே ஆள் அனுப்பிச் சமாளித்துவிடும். மேல் காதின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாயே கிடையாது. அதன் மேல் ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்வுதான் அதற்குச் சாப்பாடு போடுகிறது. கிருமி அந்தச் சவ்வுக்கு அடியில் இறங்கிவிட்டால் சீழ் சேர்ந்து சவ்வைத் தூக்கிவிடும். சாப்பாடு நின்றால் குருத்தெலும்பு சாகும். செத்த பிறகு காது சுருங்கி மடங்கிப் போகும். அதைப் பழையபடி கொண்டுவருவது பெரும்பாடு. மேலே முழுக்க வலித்து, குருத்தெலும்பு இல்லாத சோணையில் மட்டும் ஒன்றுமில்லை என்றால், கிருமி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காதே சொல்லிவிட்டது என்று பொருள்.

நான் எதை எனக்குச் சாட்சியாக வைத்திருந்தேனோ, அது ஆறாம் நாளிலிருந்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கண்ணாடி போட முடியுமா டாக்டர்? காது நிக்குமா?"

இன்றைக்கே கீறி எடுத்தால் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார் டாக்டர். மருந்துக் கடை மாத்திரையை வாங்கிப் பார்த்து ஒதுக்கி வைத்தார். இதுமாதிரி காதில் பெரும்பாலும் வருகிற கிருமிக்கு அந்த மாத்திரை ஒரு பொருட்டே இல்லையாம்; அதற்கென்று வேறு வகை உண்டாம். சீழில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை காத்திருக்கப் போவதில்லை என்றார். அப்புறம் பேனாவை எடுத்தார். எங்கே குத்திக்கொண்டீர்கள், எதால் துடைத்தார்கள்?

பாப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கேயோ ஒரு கடையில டாக்டர். பேரு ஞாபகம் இல்ல."

சட்டைக் கைக்காக மூன்று வருஷம் பேசாமல் இருந்தவள். காதே போகிற நிலையில் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் மனுஷியே இல்லை.

"நான்தான் குத்தினேன்" என்றேன்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்ன ஊசி, என்ன கையுறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஸ்ப்ரே என்றதும் பேனா நின்றது. கடையில் வாங்கியதா, நீங்கள் கலக்கியதா? கெட்டி மருந்து வாங்கிக் குழாய்த் தண்ணீரில் கலப்போம் என்றேன். பாட்டிலைக் கடைசியாக எப்போது காலி செய்து கழுவினீர்கள்?

உள்ளதைச் சொன்னேன். பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே அதன் மேல் புதுசை ஊற்றி நிரப்பிவிடுவேன். மிச்சத்தைக் கீழே கொட்ட மனசு வராது. இரண்டு வருஷமாக அதே பாட்டில். அதற்குள் இருப்பது கிருமியைக் கொல்கிற மருந்து, அதைப் போய் யாராவது கழுவுவார்களா?

"இந்தக் கிருமிக்குத் தண்ணி இருந்தா போதும்" என்றார் டாக்டர். "நீர்த்துப்போன மருந்துலகூட வாழும். அந்த பாட்டிலைக் கொட்டாம எடுத்துட்டு வாங்க."

உள்ளே காதை மரத்துப்போகச் செய்து, கல்லைக் கழற்றி, வளைவை ஒட்டிக் கீறிச் சீழை வெளியேற்றிக் கழுவினார்கள். பிறகு தூக்கிக்கொண்டிருந்த தோல் மறுபடி குருத்தெலும்போடு ஒட்டி உட்கார, முன்னும் பின்னும் பஞ்சுத் திண்டு வைத்து நூலால் தைத்துக் கட்டினார்கள். பாப்பா என் கையைப் பிடித்திருந்தாள். வெளியே வந்ததும், தையல் எட்ட எட்டப் போட்டிருக்கிறார்கள், நானாக இருந்தால் நெருக்கமாகப் போட்டிருப்பேன் என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கடைக்குத் திரும்பி பாட்டிலின் மூடியைத் திருகினேன். வாசனை ஒன்றும் மோசமில்லை. உள்ளே தொங்குகிற குழாயை விரலால் வழித்தேன், வழுக்கியது. முதலாளி எட்டிப் பார்த்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஓசைப்படாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளலாமே என்றார். நல்ல மனுஷர்தான், பயந்துவிட்டார். டாக்டரிடம் கொடுக்க பாட்டிலைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, என் பதிவு நோட்டை எடுத்தேன். குத்த வந்தவர்களின் போன் நம்பரைக் குறித்து வைப்பது என் பழக்கம். இத்தனை வருஷத்தில் அது என் பெருமைக்காக மட்டும்தான் பயன்பட்டிருந்தது.

கடந்த இரண்டு மாதத்தில் மேல் காது குத்திக்கொண்டவர்கள் பதினான்கு பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வீட்டுக்குக் கொடுத்த குட்டி பாட்டிலை இனித் தொடாதீர்கள் என்று முதலில் சொன்னேன். வலி துளையைச் சுற்றி மட்டுமா, மேல் காது முழுக்கவா? நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா? காதின் மடிப்புகள் கண்ணாடியில் தெரிகின்றனவா? காய்ச்சல் உண்டா? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒருவருக்குத் தலைக்குச் சாயம் போட்டதில் அரிப்பு. இன்னொருத்திக்குத் துளையோரம் சின்னக் குமிழ், வலியில்லை. அவள் ஹெட்போன் போட்டுக்கொண்டே தூங்குகிறவள்.

பதினொன்றாவதாக எடுத்தது விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு மாணவி. குத்தி ஐந்து நாள். நேற்றிலிருந்து காது முழுக்க வலிக்கிறது, சும்மா உரசலாக இருக்கும் என்று அறைத் தோழி சொன்னாளாம்.

"சோணை வலிக்குதாம்மா?" என்றேன்.

"இல்லக்கா, மேலதான்."

"அப்ப உடனே கிளம்பு. நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே. நானும் வர்றேன்."

அவளுக்குச் சீழ் சேரவில்லை. கல்லைக் கழற்றி, சரியான மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார் டாக்டர். அந்த இரண்டு நாளில் சிவப்பு பாதியாகிவிட்டது. கீறவே வேண்டியிருக்கவில்லை.

லேப் முடிவு வந்தது. பாப்பாவின் காதில் இருந்ததும் என் பாட்டிலில் இருந்ததும் ஒரே கிருமி. டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டே சுகாதார அலுவலகத்துக்கும் தகவல் கொடுத்தார். அங்கிருந்து வந்தவர் என் மேஜையை ஒரு மாதம் மூடச் சொன்னார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு வாரம் எவர் முகத்திலும் விழிக்கவில்லை. ஆனால் அந்த மாணவியின் காதை நினைத்தால் மட்டும் சாப்பாடு இறங்கியது.

பாப்பாவின் கட்டைப் பிரித்த அன்று நானும் போனேன். டாக்டர் நூலை வெட்டித் திண்டுகளை எடுத்தார். மடிப்புகள் தெரிந்தன. விளிம்பில் மட்டும் நகத்தால் அழுத்தின மாதிரி ஒரு சின்னப் பள்ளம். அது அப்படியே இருக்கும் என்றார். மற்றபடி காது பிழைத்துவிட்டது, மாத்திரையை முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள், மேல் காதில் இனி எதுவும் வேண்டாம். பாப்பா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, முதலில் இடது காதில் மாட்டி, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது காதில் வைத்தாள். நின்றது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அப்போதும் நின்றது.

இப்போது என் மேஜை மறுபடி திறந்திருக்கிறது. மேஜையில் ஸ்ப்ரே பாட்டிலே கிடையாது. துடைக்க ஒவ்வொருவருக்கும் உறை பிரிக்காத பஞ்சு, வீட்டுக்கு மூடி உடைக்காத உப்பு நீர். ஒரு காது கெட்டதில்லை என்ற பேச்சையும் விட்டுவிட்டேன்.

போன வாரம் தையல் கடையில் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆமாம், கை கொஞ்சம் தாராளமாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். துணி கொடுக்க வந்த ஒரு பெண், பாப்பாவின் காதில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எங்கேயோ ஒரு கடையில் என்பாள் என்று காத்திருந்தேன்.

"எங்க அண்ணி குத்தினது" என்றாள் பாப்பா, அளவு நாடாவை என் தோளில் போட்டுக்கொண்டே. "மீதிக் கதையை அவங்களே சொல்லுவாங்க. கேக்கலைன்னாலும் சொல்லுவாங்க."

அந்தப் பெண் தயங்கித் தயங்கித் தன் முடியை ஒதுக்கினாள். அவளுக்கும் மேல் காதில் புதுத் துளை, வேறெங்கோ குத்தியது. இரண்டு நாளாகச் சிவந்திருக்கிறதாம், பயமாக இருக்கிறதாம்.

ஜன்னல் பக்கம் அழைத்துப் போனேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, துளையிலிருந்து தள்ளித் தொட்டேன். வலியில்லை. காதின் பின்புறம் தொட்டேன். சூடில்லை. மடிப்புகள் எல்லாம் தெளிவாக இருந்தன. காய்ச்சலும் இல்லை. கல்லை ஒட்டி மட்டும் லேசான சிவப்பு, காய்ந்த பொருக்கு. நேற்றைக்கு இன்று குறைவா என்று கேட்டேன். குறைவுதான் என்றாள். அப்படியும் மனசு ஆறாமல் முதலிலிருந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

"வெறும் உரசல்தான்மா" என்றேன். "கூடிச்சுன்னா, மேல பரவிச்சுன்னா, ஒரு நாள்கூட தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட போயிடு. நாளைக்குச் சாயங்காலம் எனக்கு ஒரு படம் அனுப்பு."

என் நம்பரை எழுதிக் கொடுத்து, அவள் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் படம் வரவில்லை. நானே கூப்பிட்டுக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.